90 நொடி வீடியோ ரெஸ்யூம்: கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி

வீடியோ சரியாக வரவில்லை என்றதும் பலரும் முதலில் செலவு செய்யத்தான் கிளம்புகிறார்கள். ரிங் லைட் வாங்குகிறார்கள், ரிச்சி தெருவுக்குப் போய் காலர் மைக் வாங்கி வருகிறார்கள், அப்புறமும் வீடியோ அப்படியே இருக்கிறது. பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் வரும் வீடியோக்களில் பெரும்பாலானவற்றில் கோளாறு கேமராவில் இல்லை, எழுதி வைத்துக்கொண்ட தாளில் இருக்கிறது. அதனால் இங்கே முக்கியமாகத் தாளைத்தான் பழுதுபார்க்கப் போகிறோம். உங்கள் வீடியோவை ஒருமுறை ஓடவிட்டுப் பாருங்கள், கீழே உள்ளவற்றில் எது பொருந்துகிறதோ அங்கிருந்து தொடங்குங்கள்.

உதாரணத்துக்கு ஒரே ஒரு ஸ்கிரிப்டைக் கடைசிவரை கொண்டுபோகிறேன். பெரம்பூரில் இருக்கும் ஒரு பெண், இந்த வருடம் பி.காம் முடித்தவர். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் வேலைக்கு வீடியோ கேட்டிருந்தது, தமிழிலோ ஆங்கிலத்திலோ பேசலாம், 90 நொடிக்குள் இருக்க வேண்டும். அவர் தமிழில் பேசினார். நீங்கள் ஆங்கிலத்தில் பேசுவதாக இருந்தாலும் வழி இதேதான், சொற்களின் எண்ணிக்கை மட்டும் மாறும்.

## "எவ்வளவு வேகமாகப் பேசினாலும் இரண்டு நிமிடம் தாண்டிவிடுகிறது"

வேகத்தைக் கூட்டாதீர்கள். வேகமாகப் பேசுவதைக் கேட்பவர் பதற்றமாகத்தான் எடுத்துக்கொள்வார், அதுவும் முன்பின் தெரியாத ஒருவருடைய வீடியோவில் நிச்சயமாக. முதலில் உங்கள் இயல்பான வேகம் என்ன என்று அளந்துகொள்ளுங்கள். போனில் ரெக்கார்டரைப் போட்டுவிட்டு, நேற்று என்ன செய்தீர்கள் என்று ஒரு நண்பரிடம் சொல்வதைப் போல ஒரு நிமிடம் பேசுங்கள். அதைத் திரும்பக் கேட்டு அப்படியே எழுதி, சொற்களை எண்ணுங்கள். அதுதான் உங்கள் கணக்கு, இன்னொருவருடைய எண் உங்களுக்கு உதவாது. ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசுகிறவர்களுக்கு நிமிடத்துக்கு 120 முதல் 140 வரை வரும். தமிழில் வேற்றுமை உருபெல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் எண்ணிக்கை அதைவிடக் குறையும்.

பெரம்பூர்ப் பெண்ணுக்கு நிமிடத்துக்கு 95 சொல் வந்தது. அவர் எழுதி வைத்திருந்ததோ 240 சொல், அதாவது இரண்டரை நிமிடம். அதை எந்த வேகத்தில் பேசினாலும் 90 நொடிக்குள் அடங்காது. அடங்கினால் அது பேச்சாக இருக்காது.

இன்னொன்று, 90 நொடி என்றால் 90-க்கு எழுதக் கூடாது, 75-க்கு எழுத வேண்டும். கேமரா முன்னால் மூச்சு வாங்குவீர்கள், ஒரு இடத்தில் நிறுத்துவீர்கள், தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஓரிரு நொடி சும்மா போகும். அந்தப் பதினைந்து நொடி இவற்றுக்கெல்லாம் தேவை. 95 சொல் வேகத்தில் 75 நொடி என்றால் சுமார் 119 சொல். ஆக 240-இல் பாதி போக வேண்டும்.

எதை வெட்டுவது என்பதுதான் கேள்வி. அவருடைய தாளின் முதல் பகுதி இப்படி இருந்தது:

"அனைவருக்கும் இனிய காலை வணக்கம். நான் சென்னை பெரம்பூரில் வசித்து வருகிறேன். எனது தந்தை ரயில்வே துறையில் பணிபுரிகிறார், தாயார் இல்லத்தரசி, எனக்கு ஒரு தம்பி உள்ளான். பத்தாம் வகுப்பில் 88 சதவீதமும் பன்னிரண்டாம் வகுப்பில் 84 சதவீதமும் பெற்றேன். எனது பொழுதுபோக்கு பாட்டுக் கேட்பது மற்றும் சமையல் செய்வது."

கல்லூரியில் பிளேஸ்மென்ட் பயிற்சியில் வரிசையாக எழுந்து நின்று சொல்லப் பழகிய அதே அச்சு. இதற்கு நான் வைத்திருக்கும் சோதனை ஒன்றுதான்: இந்த வாக்கியம் ரெஸ்யூமில் ஏற்கெனவே இருக்கிறதா, அல்லது வேலைக்குச் சம்பந்தமே இல்லாததா? இரண்டில் எது என்றாலும் அடித்துவிடுங்கள். மதிப்பெண் ரெஸ்யூமில் இருக்கிறது. அப்பா வேலையும் தம்பியும் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் வேலைக்குத் தேவையில்லை. காலை வணக்கம் வேண்டாம், அவர்கள் மாலை ஆறு மணிக்குப் பார்க்கலாம், வெறும் வணக்கம் போதும். பெரம்பூர் மட்டும் மிஞ்சட்டும், அதற்கு ஒரு வேலை இருக்கிறது, கடைசியில் பயன்படும்.

## "கடினமாக உழைப்பேன் என்று நான் சொன்னாலும் நம்புகிற மாதிரி இல்லை"

கடின உழைப்பாளி, சீக்கிரம் கற்றுக்கொள்வேன், குழுவாகச் செயல்படுவேன். இந்த மூன்றும் அவருடைய தாளிலும் இருந்தன. தேர்வு செய்கிறவர் ஒரே உட்காருதலில் அடுத்தடுத்து இதே சொற்களைக் கேட்கிறார், காதில் விழுவதே நின்றுபோகும். இவை பொய்யில்லை, ஆனால் நீங்களே உங்களுக்குக் கொடுத்துக்கொள்ளும் சான்றிதழ். அவர் பார்க்க விரும்புவது நடந்த ஒன்றை.

அதனால் மூன்றையும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரே ஒரு சம்பவத்தை வையுங்கள். இரண்டு வேண்டாம், நேரம் போதாது, இரண்டுமே பாதியாகப் போகும். சம்பவத்துக்கு நான்கு பகுதி வேண்டும்: எங்கே இருந்தீர்கள், என்ன சிக்கல் வந்தது, நீங்கள் உங்கள் கையால் என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆனது. இதில் பலர் தவறவிடுவது மூன்றாவதை. 'எங்கள் குழு ஒரு புராஜெக்ட் செய்தது' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள், அதில் இவர் பங்கு என்ன என்று கடைசிவரை தெரியாது.

எனக்குச் சொல்ல ஒன்றுமே இல்லையே என்றுதான் பெரம்பூர்ப் பெண்ணும் சொன்னார். ஒரு ஆடிட்டர் ஆபீஸில் இரண்டு மாதம் இருந்திருக்கிறார், 'அங்கே பில் என்ட்ரிதான் சார் போட்டேன், அதுல என்ன சொல்றது' என்றார். என்ன பில், எந்தக் கடை, எப்போதாவது ஏதாவது ஒத்துப்போகாமல் இருந்ததா என்று கேட்டுக்கொண்டே போனதும் வந்தது விஷயம். டாலி கணக்கு மென்பொருளில் போட்ட கொள்முதல் பில்களை ஜிஎஸ்டிஆர் 2பி என்ற ஜிஎஸ்டி அறிக்கையோடு ஒப்பிடும் வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். சப்ளையர் தாக்கல் செய்த பில்கள் அந்த அறிக்கையில் தானாக வந்து நிற்கும், மாதாமாதம் 14-ஆம் தேதி வாக்கில் வரும். அதில் இல்லாத பில்லுக்குக் கடைக்காரர் சரக்கு வாங்கும்போது கட்டிய உள்ளீட்டு வரியைத் திரும்ப எடுக்க முடியாது. ஒரு ஜவுளிக் கடைக் கணக்கில் பதினோரு பில் இடித்திருக்கிறது. இவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்ததில், ஏழு பில்லில் எண்ணை ஆபீஸிலேயே தவறாக அடித்திருக்கிறார்கள், நான்கை சப்ளையர்கள் தாக்கலே செய்யவில்லை. எண்களைத் திருத்திவிட்டு, நான்குக்கும் பட்டியல் போட்டு சீனியரிடம் கொடுத்திருக்கிறார். அடுத்த மாதம் அந்தக் கடையை ஒப்பிடும் வேலை இவரிடமே வந்துவிட்டது.

கணக்கு வேலைக்கு ஆள் தேடுகிறவர் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். பொறுமை, கவனம், தன் வரம்பு தெரிந்து சீனியரிடம் கொண்டுபோவது எல்லாமே இதில் இருக்கிறது, அந்தச் சொற்கள் ஒன்றுகூட இல்லாமல். உங்களிடம் இன்டர்ன்ஷிப் இல்லையென்றால் புராஜெக்ட், கல்லூரி விழாவின் வரவு செலவு, சாயங்காலம் கடையில் கல்லாவில் உட்கார்ந்தது, பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்தது எதுவானாலும் சரி. ஒரு சிக்கல் வந்திருக்க வேண்டும், நீங்கள் அதில் கை வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒன்றில் மட்டும் கவனம்: வாடிக்கையாளர் கடையின் பெயரை வீடியோவில் சொல்லாதீர்கள். வேறொருவர் கணக்கை வெளியே பேசுகிறவர் என்று நினைத்தால் அந்த வேலைக்கு உங்களை எடுக்க மாட்டார்கள்.

## "மனப்பாடம் செய்து ஒப்பிக்கிற மாதிரி இருக்கிறது"

கேட்டவுடனே தெரியும். எல்லா வாக்கியமும் ஒரே ராகத்தில் முடியும், ஒரு சொல் மறந்தால் வாக்கியத்தின் தொடக்கத்துக்கே திரும்பிப் போவார்கள். 'பணிபுரிகிறார்', 'வசித்து வருகிறேன்', 'உள்ளான்' இதெல்லாம் அந்தப் பெண் வாழ்நாளில் வாயால் சொல்லாத சொற்கள். எழுதியதைப் பேசினால் இப்படித்தான் வரும், அதனால் திருப்பிப் போடுங்கள்: முதலில் பேசுங்கள், அப்புறம் எழுதுங்கள்.

தாளை உள்ளே வைத்துவிட்டு, வயதில் கொஞ்சம் மூத்த, நீங்கள் மரியாதையாகப் பேசும் ஒருவரை எதிரே உட்கார வைத்து, அந்தச் சம்பவத்தை அவரிடம் சொல்லுங்கள். சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா, யாரானாலும் சரி. நண்பனிடம் சொன்னால் பேச்சு ரொம்ப இறங்கிவிடும், ஆசிரியரிடம் சொன்னால் விறைத்துவிடும். போன் ரெக்கார்டர் ஓடட்டும். அதை எழுத்தாக்கி, சுற்றி வளைத்த இடங்களை மட்டும் வெட்டுங்கள், சொற்களை 'நல்ல தமிழாக' மாற்றாதீர்கள். பெரம்பூர்ப் பெண்ணுக்கு இப்படி வந்தது:

"வணக்கம். நான் (பெயர்). இந்த வருஷம் பி.காம் முடிச்சிருக்கேன். உங்ககிட்ட அக்கவுண்ட்ஸ் அசிஸ்டன்ட் வேலைக்கு விண்ணப்பிச்சிருக்கேன்.

போன வருஷம் மே, ஜூன் ரெண்டு மாசம் தி.நகர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல வேலை கத்துக்கிட்டேன். டாலியில பர்ச்சேஸ் பில் என்ட்ரி போடறதுதான் முதல் வேலை. அப்புறம் அதை ஜிஎஸ்டிஆர் 2பியோட ஒப்பிட்டுப் பார்க்கச் சொன்னாங்க. ஒரு ஜவுளிக் கடை கணக்குல பதினோரு பில் ஒத்துப்போகலை. ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தேன். ஏழு பில்லுல நம்பரை நாங்க தப்பா அடிச்சிருந்தோம். நாலு பில்லை சப்ளையர் தாக்கலே பண்ணலை. அந்த ஏழு பில்லையும் திருத்தினேன், மத்த நாலுக்கும் பட்டியல் போட்டு சீனியர்கிட்ட கொடுத்தேன். அடுத்த மாசம் அந்தக் கடையோட 2பி வந்ததும் ஒப்பிடற வேலையை என்கிட்டயே விட்டுட்டாங்க.

கணக்கு எங்கேயாவது இடிச்சா, எங்கேன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் எனக்கு விட மனசு வராது. எக்செல்ல விலுக்அப், பிவட் டேபிள் போடுவேன். டிடிஎஸ் இப்போ படிச்சிட்டு இருக்கேன்.

பெரம்பூர்ல இருந்து அம்பத்தூருக்கு நேர் ரயில் இருக்கு. ஜூலை முதல் வாரத்துலேயே சேர முடியும். நேர்ல பேச எப்போ கூப்பிட்டாலும் வரேன். நன்றி."

115 சொல். அவருடைய வேகத்தில் 73 நொடி. 'கணக்கு எங்கேயாவது இடிச்சா' என்ற வாக்கியம் அவர் பேச்சுவாக்கில் சொன்னது, யோசித்து எழுதியிருந்தால் வந்திருக்காது. அதைத் தொட வேண்டாம் என்று சொன்னேன். 'எனக்கு எல்லாம் தெரியும்' என்று போடாமல் டிடிஎஸ் படித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னதும் அப்படியே இருக்கட்டும். ஆனால் உண்மையிலேயே படித்துக்கொண்டிருக்க வேண்டும், நேர்முகத்தில் முதல் கேள்வியே அங்கிருந்து வரும்.

இப்போது இதையும் மனப்பாடம் செய்துவிட்டால் பழைய கதைதான். முதல் இரண்டு வாக்கியத்தையும் கடைசி வாக்கியத்தையும் மட்டும் வாய்க்குப் பழக்கிக்கொள்ளுங்கள், தொடக்கத்தில் தடுமாறாமலும் முடிவில் இழுக்காமலும் இருக்க அது போதும். நடுவில் வருவதற்கு ஆறேழு சொல் நினைவில் இருந்தால் சரி: ஆடிட்டர் ஆபீஸ், 2பி, பதினோரு, ஏழு, நாலு, அடுத்த மாசம். ஒவ்வொரு முறை பேசும்போதும் வாக்கியம் கொஞ்சம் மாறும். மாறட்டும், அப்போதுதான் யோசித்துப் பேசுவது போலத் தெரியும், உண்மையிலும் யோசித்துத்தான் பேசுவீர்கள்.

ஒரு வாக்கியத்தில் ஒரே இடத்தில் ஒவ்வொரு முறையும் தடுக்குகிறதா? நாக்கைப் பழக்காதீர்கள், வாக்கியத்தை மாற்றுங்கள். ஒரே மூச்சில் சொல்ல முடியாத வாக்கியத்தை இரண்டாக உடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

## "குரலில் தெம்பே இல்லை"

குரல் பயிற்சிக்குப் போவதற்கு முன்னால் தாளில் மன்னிப்புக் கேட்கிற இடங்களைத் தேடுங்கள். 'எனக்கு முன் அனுபவம் இல்லாவிட்டாலும்', 'ஒரு வாய்ப்பு கொடுத்தால்', 'என்னால் முடிந்தவரை முயற்சி செய்வேன்', 'நான் ஒரு சாதாரண ஃப்ரெஷர்தான்'. இவற்றைச் சொல்லும்போது யாருக்கும் குரல் இறங்கத்தான் செய்யும், சொல்லும் விஷயமே அப்படி. இப்போதுதான் படிப்பை முடித்தவர் என்று தெரிந்துதானே வீடியோ கேட்டிருக்கிறார்கள். அடித்துவிட்டு மறுபடி பேசிப் பாருங்கள், வேறெதுவும் செய்யாமலே வித்தியாசம் தெரியும்.

அரியர் இருந்தது, நடுவில் ஒரு வருடம் போனது போன்றவற்றை மறைக்கச் சொல்லவில்லை. விண்ணப்பத்தில் கேட்டால் உள்ளதை எழுதுங்கள், நேர்முகத்தில் கேட்டால் சொல்லுங்கள். 75 நொடி வீடியோவில் அதை விளக்க இடம் இல்லை, பாதி விளக்கம் சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

முடிவும் இதோடு சேர்ந்ததுதான். 'அவ்வளவுதான் என்னைப் பற்றி' என்று முடித்தால் பேச்சு நடுவழியில் நின்றதுபோல ஆகிவிடும். அவர்களுக்கு அடுத்து என்ன தெரிய வேண்டும்? இந்த ஆள் எங்கிருந்து வருவார், எப்போது சேருவார். பெரம்பூரும் ஜூலையும் கடைசியில் வந்தது அதற்குத்தான். ஒவ்வொரு கம்பெனிக்கும் இந்தப் பகுதியையும் முதல் பத்தியையும் மாற்றி எடுக்க வேண்டும், நடுப்பகுதி பெரும்பாலும் அப்படியே இருக்கலாம்.

## "கண் எங்கேயோ போகிறது"

பக்கவாட்டில் ஓடினால் படிக்கிறீர்கள், லேசாகக் கீழே இருந்தால் திரையில் உங்கள் முகத்தையே பார்க்கிறீர்கள். முதலாவதற்கு, அந்த ஆறேழு சொல்லை மட்டும் ஒரு துண்டுத் தாளில் பெரிதாக எழுதி லென்ஸுக்கு ஒட்டினாற்போல் மேலே ஒட்டுங்கள். இரண்டாவதற்கு, திரையின் மேல் ஒரு காகிதத்தைப் போட்டு மூடிவிட்டு லென்ஸ் மட்டும் தெரியும்படி வையுங்கள். லென்ஸ் உங்கள் கண் உயரத்தில் இருக்கட்டும், நாலைந்து புத்தகத்தை அடுக்கினால் போதும்.

## "பேசுவது தெளிவாகக் கேட்கவில்லை"

சென்னையில் வீட்டுக்குள் எடுக்கும் வீடியோவில் ஃபேன் சத்தம்தான் முதல் எதிரி, அடுத்தது தெரு. ஃபேனை நிறுத்தினால் இரண்டு நிமிடத்தில் முகம் வேர்த்துவிடும். அதனால் ஃபேன் ஓடும்போதே எல்லாவற்றையும் தயார் செய்துகொண்டு, எடுக்கும்போது மட்டும் நிறுத்துங்கள். காலை ஆறரை மணிக்குள் எடுத்தால் வெயிலும் இருக்காது, ஹாரனும் குறைவு, ஜன்னல் வெளிச்சமும் மென்மையாக இருக்கும். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகம் இருண்டுவிடும். ஒயர் இயர்போனின் மைக் ஒரு கை தூரத்தில் இருக்கும் போனின் மைக்கைவிடப் பெரும்பாலும் தெளிவாக எடுக்கும், துணியில் உரசாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

## "எல்லாம் சரி, அனுப்பலாமா?"

ஒரு சோதனை பாக்கி. வேலையைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், இதுவரை இந்த வீடியோவைப் பார்க்காத ஒருவரிடம் ஒரே ஒருமுறை போட்டுக் காட்டுங்கள். முடிந்ததும், என்ன வேலைக்கு, என்ன செய்திருக்கிறார், எப்போது சேருவார் என்று கேளுங்கள். மூன்றும் வந்தால் ஸ்கிரிப்ட் வேலை செய்கிறது. நடுவில் உள்ளது வரவில்லை என்றால் சம்பவத்தில் ஏதோ ஒரு படி தாவியிருக்கிறீர்கள். பெரம்பூர்ப் பெண்ணின் அம்மாவுக்கு 2பி என்றால் என்னவென்று தெரியாது, ஆனாலும் 'பதினோரு பில்லுல தப்பு கண்டுபிடிச்சா' என்று சொன்னார். அது போதும்.

அப்புறம் அனுப்புவதில் வரும் கோளாறு. ஜிமெயிலில் 25 எம்பிக்கு மேல் நேரடியாக இணைக்க முடியாது, போனில் நல்ல தரத்தில் எடுத்த 75 நொடி வீடியோ பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், டாக்குமென்டாக அனுப்பினால் குறையாது. டிரைவில் ஏற்றி லிங்க் கொடுப்பதானால், பகிர்வில் `Anyone with the link` என்று மாற்றியிருக்கிறீர்களா என்று பாருங்கள். மாற்றவில்லை என்றால் எதிரில் இருப்பவருக்கு வீடியோவுக்குப் பதில் அனுமதி கேட்கும் பக்கம்தான் திறக்கும், அவர் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார், அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். லிங்க்கை இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து, கணக்கில் நுழையாமலே வீடியோ ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, உங்கள் பெயரும் வேலையின் பெயரும் கோப்பின் பெயரில் இருக்கும்படி மாற்றி அனுப்புங்கள். வேலை முடிவாகும் வரை அந்தக் கோப்பை டிரைவிலிருந்து நீக்காதீர்கள்.